பொன்னுக்கு வீங்கியில் சுருங்கிய விரைகளும் அதை மறைத்த ஹார்மோன் ஊசியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருமணமாகி மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்று வந்த ஒரு தம்பதியின் கதை இது. கணவருக்கு வயது 31. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாறி மாறி ஷிப்டில் வேலை. மனைவிக்கு 27. அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவப் பகுதியை மாற்றவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன்பே மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது. கருமுட்டை வளர்ச்சி ஸ்கேன் பல மாதம், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மை செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, தைராய்டு, எல்லாம் சரியாகவே இருந்தன. கணவருக்கு விந்துப் பரிசோதனை இரண்டு முறை நடந்திருந்தது. பத்து மாதத்துக்கு முன்பு எடுத்ததில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். அதாவது மிகக் குறைவு, ஆனால் இருக்கிறது. இரண்டாவது பரிசோதனையில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாறு மாத இடைவெளியில் 15 லட்சம் பூஜ்யம் ஆகியிருந்தது.

அந்த இரண்டாவது அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிடத்தில், தானமாகப் பெற்ற விந்தணுவுக்குத் தயாராகுங்கள் என்று. இன்னொரு இடத்தில் ரத்தப் பரிசோதனையில் விரைகளைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச். 0.3, எல்.எச். 0.1-க்கும் கீழ் என்று வந்ததைப் பார்த்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு எஃப்.எஸ்.எச். ஊசி ஆரம்பிக்கலாம் என்று. அந்த எம்.ஆர்.ஐ. சீட்டோடுதான் எங்களிடம் வந்தார்கள்.

முதலில் அவரைப் படுக்கவைத்து முழுதாகப் பார்த்தோம். தாடி, மீசை, குரல், உடல்வாகு எல்லாம் வளர்ந்த ஆணுக்கு உரியதாகவே இருந்தன. முதுகிலும் தோளிலும் புதிதாக வந்த பருக்கள் இருந்தன. 31 வயதில் அது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். விரைகளின் அளவைப் பார்க்க, நூலில் கோத்த மணிகள் போன்ற ஓர் அளவைக் கருவி இருக்கிறது. 1 மி.லி. முதல் 25 மி.லி. வரை ஒவ்வொரு மணியிலும் அளவு எழுதியிருக்கும். ஒரு கையில் விரையையும் மறு கையில் மணியையும் பிடித்து ஒப்பிட்டுச் சொல்வது. வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15 முதல் 25 மி.லி. வரை இருக்கும். இவருக்கு வலதுபக்கம் 5, இடதுபக்கம் 10. இரண்டுமே மென்மையாக, உள்ளே சதை குறைந்தது போல. விந்துக்குழாய் இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்பட்டது. விரைக்கு மேலே ரத்தநாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் நரம்புச் சுருட்டு இல்லை.

“சின்ன வயசுல இங்க ஏதாவது அடிபட்டுச்சா? வீங்கினது, வலிச்சது ஏதாவது?” என்று கேட்டேன்.

மனைவி வெளியே இருந்தார். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ப்ளஸ் ஒன் படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்துச்சு டாக்டர்” என்றார்.

அந்த வயதில் நடந்தது இதுதான். இரண்டு கன்னமும் வீங்கி, அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி மகன் கழுத்தில் போட்டிருக்கிறார். நான்கைந்து நாளில் கன்ன வீக்கம் வடியத் தொடங்கியது. எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் காய்ச்சல் மறுபடி ஏறியது, குளிர் நடுக்கம், வாந்தி, வலது விரையில் தாங்க முடியாத வலி. இரண்டு நாள் கழித்து இடதுபக்கமும் வீங்கியது. அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, மூன்றாம் நாள் தாய்மாமாவிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்லூரி போன பிறகு வலதுபக்கம் சிறுத்திருப்பதை அவரே கவனித்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வரிசை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பொன்னுக்கு வீங்கி வைரஸ் பருவம் அடையாத சிறுவர்களின் விரையை அநேகமாகத் தொடுவதில்லை. பருவம் அடைந்த பிறகு வந்தால், தடுப்பூசி போடாதவர்களில் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம் பேருக்கு விரை அழற்சி வரும். பெரும்பாலும் கன்ன வீக்கம் தொடங்கி ஒரு வாரத்துக்குள், அபூர்வமாக ஆறு வாரம் கழித்துக்கூட. அதிலும் பெரும்பாலோருக்கு ஒரு பக்கம்தான். அழற்சி வந்த விரைகளில் சுமார் பாதி ஓரளவாவது சுருங்கும்.

ஒரு பக்கம் மட்டும் சுருங்கியவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுபக்கம் நல்ல அளவில் இருந்தால் பெரும்பாலும் குழந்தை பெறுவதில் சிக்கல் வராது, ஹார்மோனும் சரியாகவே இருக்கும். விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். இந்த நோயால் ஒருவர் முழு மலடு ஆவது மிகவும் அரிது. இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்கள்தான் கவனமாகப் பின்தொடரப்பட வேண்டியவர்கள். நம் நோயாளி அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஏன் சுருங்குகிறது? விரையைச் சுற்றி வெள்ளை நிறத்தில் ஒரு கெட்டியான உறை இருக்கிறது. அது நீண்டு கொடுக்காது. வைரஸ் உள்ளே நுழைந்து அழற்சியால் நீர் கோத்துக்கொள்ளும்போது, இறுக்கிக் கட்டிய சின்னப் பையில் ஊறும் கொண்டைக்கடலை மாதிரி உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. விந்தணுவை உண்டாக்கும் நுண்குழாய்கள் அங்கங்கே செத்து, அந்த இடத்தில் வடு உருவாகிறது. விரையின் கன அளவில் பெரும்பகுதி இந்த நுண்குழாய்கள்தான், அதனால்தான் வீக்கம் வடிந்த பின் பல மாதங்களில் விரை சிறுத்துப்போகிறது.

நுண்குழாய்களுக்கு இடையே லேடிக் செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது அவைதான். அவை இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். காய்ச்சல் நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் சில மாதங்களில் பெரும்பாலோருக்கு மீண்டுவிடும். அதனால் விந்தணு உற்பத்தி பாதியாகிப் போன ஒருவருக்கு மீசை, தாடி, ஆசை, உறவு எதிலும் குறை தெரியாமல் இருக்கலாம். ‘எல்லாம் நல்லாத்தானே இருக்கு’ என்று அவர் நினைப்பது இயல்பு. விந்தணு விஷயத்தில் அந்த உணர்வை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

இனி ரத்த அறிக்கைக்கு வருவோம். இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். போய் லேடிக் செல்களைச் சுரக்கச் சொல்கிறது. எஃப்.எஸ்.எச். நுண்குழாய்களில் விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிறது. விரை சரியாக வேலை செய்தால் அதன் சுரப்புகள் திரும்பிப் போய், போதும் என்று பிட்யூட்டரியை அடக்கும். விரை பழுதானால் அந்த அடக்கல் குறையும், பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். ஆக, பொன்னுக்கு வீங்கியில் இரண்டு விரையும் சுருங்கிய ஒருவருக்கு எஃப்.எஸ்.எச். உயர்ந்திருக்க வேண்டும், 20, 25 என்று. இவருக்கு 0.3.

5 மி.லி., 10 மி.லி. விரையும், பள்ளி வயதில் வந்த இரட்டை விரை அழற்சியும், 0.3 எஃப்.எஸ்.எச்.-உம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிட்யூட்டரி கோளாறாக இருந்தால் எல்.எச்.-உம் இல்லாததால் டெஸ்டோஸ்டிரோனும் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். முந்தைய இடத்தில் அதை அளக்கவே இல்லை. நாங்கள் அளந்தபோது 912 வந்தது. சாதாரண எல்லை ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம். ஹீமோகுளோபின் 17.9. எல்.எச். இல்லாமல் விரை 912 சுரக்க முடியாது. அந்த டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தது. முதுகுப் பருவும் ஏறிய ஹீமோகுளோபினும் அதையே சொல்லின.

“ஜிம்முல ஏதாவது ஊசி போடுறீங்களா தம்பி?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது. விந்தணு இல்லை என்று வரும் ஒவ்வொரு ஆணிடமும் நேராகக் கேட்கிறேன்.

“ஜிம்முல இல்ல டாக்டர். அது பக்கத்துல ஒரு கிளினிக். சத்து குறைவா இருக்குன்னு பதினஞ்சு நாளைக்கு ஒரு ஊசி போடுறாங்க. அது மருந்து இல்லையே?”

முதல் விந்துப் பரிசோதனை வந்த பிறகு மனம் உடைந்து, தூக்கம் கெட்டு, சோர்வாக இருந்திருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்து எழுந்து மாலை நாலரை மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் 268. உடனே 250 மி.கி. ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஏழு மாதமாக நடக்கிறது. ஊசி போட்டதிலிருந்து உற்சாகமாக இருப்பதாகவும் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை, அது உண்மையாகவே இருந்திருக்கும்.

தவறு எங்கே என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஹார்மோன். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த பிறகே குறைவு என்று சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும் தொழிலாளிக்குத் தூங்கி எழுந்த நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வரும் ஆண்களில் இரவு வேலை பார்ப்பவர்கள் நிறைய, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் அடிக்கடி தப்பாக அளக்கப்படுகிறார்கள். அப்படியே 268 உண்மை என்று வைத்துக்கொண்டாலும், குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடக்கூடாது.

காரணம் இது. விந்தணு உருவாக ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் போதாது. விரைக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு செறிவில் டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், அதை அங்கேயே லேடிக் செல்கள் சுரந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து ஊசி போட்டால் பிட்யூட்டரி, ஏராளமாக இருக்கிறது என்று எண்ணி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். லேடிக் செல்கள் ஓய்ந்துவிடும். ரத்தத்தில் 912, விரைக்குள் வறட்சி. இதே முறையை ஆண்களுக்கான கருத்தடையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல விரைகளுக்கே விந்தணு பூஜ்யமாகும்போது, வடு விழுந்த நுண்குழாய்களிலிருந்து கஷ்டப்பட்டு வந்துகொண்டிருந்த 15 லட்சத்துக்கு என்ன நடக்கும்?

அதாவது இவருக்கு இரண்டு நோய் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. அடியில் பொன்னுக்கு வீங்கி செய்த நிரந்தரப் பழுது. அதன் மேல் ஊசி செய்த, பெரும்பாலும் திரும்பக்கூடிய அடக்கல். மேலே இருந்தது கீழே இருந்ததை மறைத்தது. அதனால்தான் எஃப்.எஸ்.எச். 25-க்குப் பதில் 0.3 என்று வந்து பிட்யூட்டரிப் பக்கம் கவனத்தைத் திருப்பியது. விரையும் ஊசியால் கூடுதலாகக் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் என்று எண்ணினேன். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிவைத்தோம், ஊசியை அன்றே நிறுத்தச் சொன்னோம்.

எல்லாப் பழியையும் பொன்னுக்கு வீங்கியின் மேல் போட்டுவிடவும் கூடாது. இரண்டு விரையும் சிறுத்திருக்கும் ஆணுக்கு குரோமோசோம் பரிசோதனை அவசியம். கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் உள்ள கிளைன்ஃபெல்ட்டர் நிலையிலும் விரைகள் சிறியவையாக இருக்கும், ஆனால் பொதுவாக மூன்று நான்கு மி.லி. அளவில், கல் போல் கெட்டியாக இருக்கும். ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பார்த்தோம், ஏனென்றால் அது இருந்தால் மகனுக்கும் போகும். இரண்டுமே இயல்பாக வந்தன. ஊர்ப்பள்ளியில் தன்னுடன் படித்த இன்னும் சிலருக்கும் அந்த மாதம் கன்னம் வீங்கியது என்று அவர் சொன்னதும், வலி வந்த நாட்களும், மென்மையான சிறுத்த விரைகளும் சேர்ந்து காரணத்தை ஓரளவு உறுதியாகச் சொல்லப் போதுமானவையாக இருந்தன.

காத்திருந்த மாதங்கள்

ஊசியை நிறுத்தியதும் வரும் காலம் கடினமானது. உடலில் வெளி டெஸ்டோஸ்டிரோன் வடிந்துவிடும், உள்ளே சுரப்பு இன்னும் தொடங்கியிருக்காது. ஆறாவது வாரத்தில் இவருடைய டெஸ்டோஸ்டிரோன் 190. எதிலும் ஆர்வம் இல்லை, காலையில் எழ முடியவில்லை என்று போன் செய்தார். பழைய கிளினிக்குக்குப் போய் ஒரே ஒரு ஊசி மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்றார். இந்த இடத்தில்தான் பலர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். இப்படித்தான் இருக்கும், இது எத்தனை நாள் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் தாங்கினார். அவருடைய மனைவியையும் உட்கார வைத்து இதைச் சொல்லியிருந்தோம். “உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசம் கோபமும் சோர்வும் இருக்கும்மா, அது அவர் மனசு இல்ல, ஹார்மோன்” என்று. வேண்டுமென்றால் எச்.சி.ஜி. ஊசி என்று ஒன்று இருக்கிறது, அது எல்.எச். போலவே லேடிக் செல்களைத் தட்டி எழுப்பும், சிலருக்குக் கொடுப்பதுண்டு. இவர் ஊசியில் இருந்தது ஏழு மாதம்தான், மனைவிக்கு வயதும் இருக்கிறது, அதனால் இயல்பாக மீளுமா என்று பார்க்க முடிவு செய்தோம்.

அதே ஆறாவது வாரத்தில் எஃப்.எஸ்.எச். 4.8, எல்.எச். 2.1. பரிசோதனைக் கூடத்தின் தாளில் இரண்டும் இயல்பு எல்லைக்குள். இந்த ஒரு தாளை மட்டும் பார்த்தவர் எல்லாம் சரி என்றிருப்பார். கீழிருந்து மேலே ஏறும்போது எல்லையைக் கடக்கிற இடம் அது, அவ்வளவுதான். மூன்றாம் மாதம் எஃப்.எஸ்.எச். 16, எல்.எச். 7.9, டெஸ்டோஸ்டிரோன் 285. ஐந்தரை மாதத்தில் எஃப்.எஸ்.எச். 23, எல்.எச். 10.8, காலை டெஸ்டோஸ்டிரோன் 362. இப்போதுதான் பதினைந்து வருடத்துக்கு முன் நடந்தது தாளில் தெரிந்தது. இடது விரை 12 மி.லி.க்கு வந்திருந்தது, வலது 5-லேயே நின்றது.

அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் விரையின் இரண்டு வேலைகளும் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். எஃப்.எஸ்.எச். 23 என்றால் நுண்குழாய்களில் பெரும்பகுதி போய்விட்டது. இந்த நிலையில் வெளியிலிருந்து எஃப்.எஸ்.எச். ஊசி போடுவதில் அர்த்தமில்லை. உடலே தேவைக்கு மேல் அனுப்பிக்கொண்டிருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் இடம் இல்லை. முதலில் அவருக்குச் சொல்லப்பட்ட அந்த ஊசிக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும். டெஸ்டோஸ்டிரோன் 362 இயல்புக்குள்தான், ஆனால் அதைத் தக்கவைக்க எல்.எச். 10.8 வரை ஏற வேண்டியிருக்கிறது. லேடிக் செல்கள் முழு மூச்சில் ஓடித்தான் இந்த அளவைத் தருகின்றன, கையிருப்பு குறைவு.

விந்தணு திரும்பி வர இன்னும் பொறுமை தேவைப்பட்டது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும், பிறகு வெளியே வர இன்னும் சில நாட்கள். அதனால் ஊசி நிறுத்தி முதல் மூன்று மாதத்தில் விந்துப் பரிசோதனை செய்து மனம் உடைய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். நான்காம் மாதம் எடுத்ததில் பூஜ்யம். ஆறாம் மாதம் விந்தைச் சுழற்றி அடியில் தங்கியதை நுண்ணோக்கியில் தேடியபோது ஒரு சில அசையும் விந்தணுக்கள் தெரிந்தன. வெறுமனே ஒரு துளியை வைத்துப் பார்த்திருந்தால் அன்றும் பூஜ்யம் என்றே எழுதியிருப்பார்கள். பூஜ்யம் என்று அறிக்கை வந்தால், சுழற்றி அடிப்படிவைத் தேடினீர்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஏழாம் மாதம் மில்லிலிட்டருக்கு 6 லட்சம் வந்தது, அசைவு 20 சதவீதம்.

பழைய 15 லட்சத்தை எட்டவில்லை. எட்டுமா என்று காத்திருப்பதா, இப்போதே ஏதாவது செய்வதா என்று மூவரும் உட்கார்ந்து பேசினோம். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், ஒரு காய்ச்சல் வந்தால்கூட மறுபடி பூஜ்யம் ஆகலாம். அதனால் முதல் வேலையாக மூன்று தனித்தனி நாட்களில் கொடுத்த விந்தைச் சிறு குப்பிகளில் உறைய வைத்தோம்.

6 லட்சத்தை வைத்துக்கொண்டு இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பு மிகக் குறைவு. கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் முறையும் இந்த எண்ணிக்கையில் பலன் தராது. ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை நுண் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறைதான் வழி. 1992-இல் பிரசல்ஸில் அந்த முறையில் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்த பிறகு இப்படிப்பட்ட ஆண்களின் நிலையே மாறியது. விந்தில் ஒன்றுமே வராமல் போயிருந்தால், அறுவை நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து, தடித்த ஆரோக்கியமான நுண்குழாய்களைத் தேடி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. பொன்னுக்கு வீங்கியால் பாதிக்கப்பட்ட விரையில் பழுது திட்டுத்திட்டாக இருப்பதால், நடுவே நல்ல குழாய்கள் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். காரணமே தெரியாமல் விந்தணு இல்லாதவர்களைவிட இவர்களிடம் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதனால் பூஜ்யம் என்ற ஒரு தாளை வைத்து தான விந்தணு என்று முடிவெடுப்பது இவர்கள் விஷயத்தில் அவசரம். ஆனால் அந்த அறுவைக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் சில மாதம் இறங்கும், கையிருப்பு குறைந்தவருக்கு நிரந்தரமாகவும் இறங்கலாம். விந்திலேயே கிடைத்ததால் இவருக்கு அது தேவைப்படவில்லை, அதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

மனைவிக்குக் கருமுட்டைகள் எடுத்தபோது ஒன்பது முதிர்ந்தவை கிடைத்தன. ஆறு கருவுற்றன, மூன்று ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன. முதல் முறை கருப்பையில் வைத்தது தங்கவில்லை. இரண்டாவது தங்கியிருக்கிறது, இப்போது ஐந்தாம் மாதம்.

அந்தப் பதினாறு வயதில் என்ன செய்திருக்கலாம்

இதை அவருடைய அம்மா என்னிடம் கேட்டார். மகனைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அழுதார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: சுருக்கத்தைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் விரை சுருங்குவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை, டெஸ்டோஸ்டிரோனையும் கீழே இறக்கும். செய்யக்கூடியது படுக்கை ஓய்வு, விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ், பாராசிட்டமால். பழுதுக்கு அம்மா காரணம் இல்லை.

ஆனால் அந்த மூன்று நாள் மௌனத்தில் வேறு ஓர் ஆபத்து இருந்தது. வளரும் பையனுக்கு ஒரு பக்க விரையில் திடீர் வலி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது அறுவை அவசரம், ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். கன்னம் வீங்கியிருப்பதாலேயே இது பொன்னுக்கு வீங்கிதான் என்று வீட்டில் முடிவு செய்யக்கூடாது. டாப்ளர் ஸ்கேனில் வித்தியாசம் தெரியும்: அழற்சியில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், முறுக்கலில் நின்றுபோயிருக்கும். பையனிடம் வீட்டில் யாராவது ஒருவர், அப்பாவோ மாமாவோ, கன்னம் வீங்கிய முதல் நாளே, ‘கீழ வலிச்சா உடனே சொல்லுடா, வெட்கப்படாதே’ என்று சொல்லிவைப்பது நல்லது.

அதற்குப் பிறகும் பின்தொடர வேண்டும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் விரை அளவு பார்ப்பது, இரண்டு பக்கமும் பாதித்திருந்தால் காலை டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பதினெட்டு வயது தாண்டியதும் அவர் சம்மதத்தோடு ஒரு விந்துப் பரிசோதனை. இவருக்கு இருபது வயதில் இதைச் செய்து விந்தை உறைய வைத்திருந்தால், மனைவி பல மாதம் ஸ்கேன் அறைகளில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சென்னையில் இந்த நோய் இன்னும் பள்ளிகளில் சுற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் கிடைப்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் அதற்குப் பெரிய முகாம் நடந்தது. பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என்று மூன்று முறை பரிந்துரைக்கிறது, ஆனால் அது தனியாரிடம்தான் கிடைக்கும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டாச்சு என்று நம்பும் பெற்றோர், அட்டையை எடுத்துப் பார்த்து இது மட்டும் விடுபட்டிருக்கிறதா என்று கேட்கலாம். பருவ வயது வரை தவறவிட்டிருந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.

இனி அவருக்கு

குழந்தை பிறப்பதோடு அவர் கணக்கு முடியாது. வயது ஏற ஏற எல்லோருக்கும் டெஸ்டோஸ்டிரோன் மெல்ல இறங்கும். கையிருப்பு இல்லாத இவருக்கு நாற்பதுகளிலேயே எல்லைக்குக் கீழே போகலாம். அதனால் வருடம் ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., ஹீமோகுளோபின் பார்க்கிறோம். இரண்டு காலை அளவுகள் 300-க்குக் கீழே போய், கூடவே ஆசைக் குறைவு, காரணமில்லாத ரத்தசோகை, எலும்பு அடர்த்திக் குறைவு போன்றவை வந்தால், அப்போது டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை அவருக்குச் சரியான சிகிச்சையாகவே இருக்கும். அன்று தவறாகப் போட்ட அதே மருந்து, சரியான அளவில், ஹீமோகுளோபினைக் கண்காணித்துக்கொண்டு. ஆனால் இரண்டாவது குழந்தை வேண்டுமா என்று தம்பதி முடிவு செய்த பிறகு, உறைய வைத்த குப்பிகளைக் கணக்கிட்ட பிறகுதான்.

சுருங்கிய விரையை மாதம் ஒருமுறை குளிக்கும்போது தடவிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சிறுத்த விரைகளில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால், புதிதாகக் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஸ்கேன். வலது விரையை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 5 மி.லி. ஆனாலும் அதிலும் லேடிக் செல்கள் இருக்கின்றன, அவருக்கு அவை ஒவ்வொன்றும் தேவை.

சென்ற மாதம் எடுத்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் 348, எல்.எச். 11.2, ஹீமோகுளோபின் 14.6. முதுகுப் பருக்கள் மறைந்துவிட்டன. அடுத்த ரத்தம் ஒரு வருடம் கழித்து, பகல் ஷிப்ட் வாரத்தில், காலை எட்டு மணிக்கு.